சர்வர் தானாக ரீபூட் ஆன விவகாரம்: சம்பவ அறிக்கை

இடம்: ஜார்ஜ்டவுன், லெபோ பந்தாய், கப்பல் சரக்கு ஃபார்வர்டிங் அலுவலகம், மேல்மாடி
சம்பவ காலம்: 2025 மார்ச் 4 முதல் 10 வரை, மொத்தம் 9 முறை
அறிக்கை தேதி: மார்ச் 25
எழுதியது: சர்வர் பராமரிப்பு டெக்னீஷியன்
யாருக்கு: பாஸ், கணக்குப் பிரிவு அக்கா, கஸ்டம்ஸ் பாரம் பார்க்கும் தம்பிகள்

பாஸ், நடந்தது என்ன என்று ஒரே தாளில் கேட்டீர்கள். ஒரே தாளில் அடங்கவில்லை. ஆனால் முதல் பத்தியை மட்டும் படித்தாலும் போதும்: சர்வரில் கோளாறு இல்லை. சுவர் பிளக் பாயிண்டில் ஒரு ஸ்க்ரூ லூஸ், அதே பாயிண்டில் புதிதாக வந்து உட்கார்ந்த லேசர் பிரிண்டர், அதற்கு மேல் செத்துப்போன யூபிஎஸ் பேட்டரி. இந்த மூன்றும் சேர்ந்தபோதுதான் சர்வர் விழுந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு நாள் ஆனது, அதில் பாதி நாளை நானே வீணாக்கினேன். அதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

நாள்வாரியாக

மார்ச் 3, திங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு இடம் வேண்டும் என்று மேசைகளை மாற்றினீர்கள். ஜன்னல் பக்கம் இருந்த பிரிண்டர் சர்வர் மூலைக்கு வந்தது. எனக்கு இது மார்ச் 10 வரை தெரியாது, யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய், காலை 10:40. முதல் ரீபூட். நான்கைந்து நிமிடத்தில் தானே எழுந்துவிட்டதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 5, புதன், காலை 9:14, மதியம் 2:20. அக்கா போன் செய்து, "தம்பி, சர்வரும் போச்சு, லைனும் போச்சு" என்றார். நான் ரிமோட்டில் நுழைந்து பார்த்தேன். மார்ச் 2 ஞாயிறு இரவு விண்டோஸ் அப்டேட் ஏறியிருந்தது. சரி, இவன்தான் திருடன் என்று முடிவு கட்டி, அப்டேட்டை நீக்கிவிட்டு அலுவலகம் முடிந்தபின் நானே ஒரு முறை ரீஸ்டார்ட் செய்தேன்.

மார்ச் 6, வியாழன், காலை 11:05. மறுபடியும். நேரில் வந்தேன், தூசி தட்டினேன், ரேமைக் கழற்றி மாட்டினேன், இரவு முழுக்க ரேம் டெஸ்ட் ஓடவிட்டேன். ஒரு பிழையும் இல்லை, ஒரு தடவைகூட விழவும் இல்லை.

மார்ச் 7, வெள்ளி, காலை 9:20, 11:48, மாலை 3:55. ஒரே நாளில் மூன்று. மாலையில் சர்வரின் பவர் சப்ளையைக் கழற்றி, என்னிடம் இருந்த ஸ்பேரை மாட்டினேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கப்சிப். "பிரச்சினை தீர்ந்தது" என்று வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பியது நான்தான். வாரக் கடைசியில் ஆபீஸில் ஆளே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மார்ச் 10, திங்கள், காலை 9:08. மானம் போனது. அடுத்த அரை மணியில் வந்து சர்வர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். 11:32-க்குத் தம்பி ஒருவர் கே1 பாரக் கட்டு ஒன்றை பிரிண்ட் கொடுத்தார். பிரிண்டர் சூடாகி நான்கைந்து தாள் தள்ளியிருக்கும், யூபிஎஸ்ஸில் 'டக்' என்று ஒரு சத்தம், சர்வர் ஃபேன் அடங்கியது, மோடம் விளக்குகளும் அணைந்தன, ஒரு மூச்சு விடும் நேரத்தில் எல்லாம் திரும்ப எழுந்தன. ஆறு நாளாக லாகில் தேடியது காதில் வந்து விழுந்தது.

லாக் என்ன சொன்னது

முதல் நாளே நான் ஓட்டியிருக்க வேண்டிய கட்டளை இதுதான்:

```
Get-WinEvent -FilterHashtable @{
  LogName='System'; Id=41,1074,6008
  StartTime='2025-03-01'
} | Select-Object TimeCreated, Id
```

1074 என்றால் யாரோ அல்லது ஏதோ ஒரு புரோகிராம் முறைப்படி ரீஸ்டார்ட் கேட்டிருக்கிறது என்று பொருள். அப்டேட் ரீஸ்டார்ட் செய்தால் அது அங்கே பதிவாகும். மார்ச் 2 இரவுக்கும், நான் கையால் செய்தவற்றுக்கும் 1074 இருந்தது. இந்த ஒன்பது முறைக்கும் இல்லை. அதற்குப் பதிலாக, முறைப்படி அணையாமல் விழுந்ததைக் காட்டும் 6008-ம், Kernel-Power 41-ம் இருந்தன, 41-ஐத் திறந்து பார்த்தால் BugcheckCode பூஜ்யம். நீலத் திரை வந்து விழுந்திருந்தால் அங்கே ஒரு எண் இருக்கும், டம்ப் ஃபைலும் கிடைக்கும். இரண்டும் இல்லை. விண்டோஸுக்கே தான் எப்படிச் செத்தோம் என்று தெரியாத மாதிரி இருந்தால் பெரும்பாலும் கரண்ட்தான் போயிருக்கும். புதன்கிழமை இதைப் பார்த்திருந்தால் அப்டேட்டை நீக்கும் வேலையே வந்திருக்காது. நீக்கிய அப்டேட்டை 11-ஆம் தேதி இரவே திரும்ப ஏற்றிவிட்டேன்.

அக்கா சொன்ன "லைனும் போச்சு" என்பதையும் நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். சர்வர் விழுந்தால் இன்டர்நெட் திறக்காது, இணையதளப் பெயர்களைத் தேடித்தரும் வேலை சர்வரிடம்தான் இருக்கிறது, அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது மோடமே அணைந்து எரிந்ததை. மோடமும் சர்வரும் ஒன்றாக விழுந்தால் இரண்டுக்கும் பொதுவானது யூபிஎஸ் ஒன்றுதான். துப்பு முதல் போன் காலிலேயே இருந்தது.

நிரூபித்தது எப்படி

10-ஆம் தேதி மதியம் எல்லோரும் நாசி கண்டார் சாப்பிடப் போன நேரத்தில் சர்வரை முறையாக ஷட்டவுன் செய்து, யூபிஎஸ்ஸில் சர்வருக்குப் பதில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டினேன். பிரிண்டரில் முப்பது தாள் கொடுத்தேன். ஏழாவது தாளில் டக், பல்பு அணைந்து எரிந்தது. அப்புறம் பிரிண்டர் பிளக்கை மட்டும் பழைய ஜன்னல் பக்கப் பாயிண்டுக்கு இழுத்து, நூறு தாள் அடித்தேன். பல்பு அசையவில்லை. கடைசியாக யூபிஎஸ் பிளக்கைச் சுவரிலிருந்து உருவினேன். பல்பு அந்த நொடியே அணைந்தது. பேட்டரி இருக்கிறது என்று பெயருக்குத்தான்.

காரணம்

லேசர் பிரிண்டர் தாளில் மையை உருக்கி ஒட்டவைக்க ஒரு ஹீட்டரை வைத்திருக்கிறது. பிரிண்ட் போகும்போது அது விட்டு விட்டு எரியும், ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட 900 வாட் இழுக்கும். பாயிண்ட் நன்றாக இருந்தால் 13 ஆம்ப் சாக்கெட்டுக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் யூபிஎஸ்ஸும் பிரிண்டரும் சொருகியிருந்தது ஒரே இரட்டைச் சாக்கெட். சும்மா இருக்கும்போது அங்கே 238 வோல்ட், ஹீட்டர் எரியும்போது 229. ஒன்பது வோல்ட் எங்கேயோ சூடாகப் போகிறது. தொட்டுப் பார்த்தேன், சாக்கெட் முகம் சுட்டது. அதைத் திறப்பது என் வேலை இல்லை, அதனால் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டோம். உள்ளே நியூட்ரல் ஸ்க்ரூ லூஸ், வயர் தோல் பழுப்பேறி நொறுங்கியிருந்தது. சர்வரை விடுங்கள், இது தீப்பிடிக்கும் கேஸ், பழைய மரப்படி உள்ள கடைவீடு வேறு.

229 வோல்ட்டுக்கு யூபிஎஸ் பயப்படாது. ஆனால் லூஸ் ஸ்க்ரூவில் லோடு ஏறும்போது தொடர்பு சில மில்லி செகண்ட் அறுந்து ஒட்டும், மீட்டரில் அது தெரியாது, யூபிஎஸ் அதைக் கரண்ட் போனதாக எடுத்துக்கொண்டு பேட்டரிக்கு மாறும். அந்த மாற்றத்தின் சத்தம்தான் 'டக்'. பேட்டரி நல்லதாக இருந்திருந்தால் சர்வருக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது, நாமும் அந்தச் சாக்கெட்டைக் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

பேட்டரி 2020-இல் வாங்கியது, மாற்றவே இல்லை. இந்த வகை சீல் செய்த லெட் ஆசிட் பேட்டரி மூன்றிலிருந்து ஐந்து வருடம் வரும், அதுவும் 25 டிகிரியில். இரவில் ஏர்கோன் அடைத்த பினாங்கு மேல்மாடியில் இன்னும் சீக்கிரம் போகும். உள்ளே இருந்த இரண்டு பேட்டரியில் ஒன்று உப்பியிருந்தது. யூபிஎஸ் முகப்பில் பச்சை விளக்கு, 100% சார்ஜ். சார்ஜ் நிறைந்திருக்கிறது என்பது பேட்டரி தாங்கும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. போன டிசம்பரில் அது அடிக்கடி பீப் அடித்ததாகவும், தொல்லை தாங்காமல் யாரோ பட்டனை அழுத்தி வாயை மூடிவிட்டதாகவும் இப்போது கேள்விப்படுகிறேன். யார் என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்று, கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும்படி பயாஸில் அமைத்திருந்தது. நல்ல அமைப்புதான், ஆனால் அதனால்தான் கரண்ட் வெட்டு ரீபூட் வேஷம் போட்டது. சர்வர் அணைந்தே கிடந்திருந்தால் முதல் நாளே எல்லோரும் பிளக்கைத்தான் பார்த்திருப்போம்.

இழப்பு

5-ஆம் தேதி மதியம் அக்கா ஏற்றிக்கொண்டிருந்த இன்வாய்ஸ் தொகுதி பாதியில் நின்றது, திரும்ப அடித்தார். கே1 டிராஃப்ட் இரண்டு போயின. 7-ஆம் தேதி மாலை பேக்கப் ஓடவில்லை. கணக்கு டேட்டாபேஸைச் சோதித்துவிட்டேன், உடைசல் இல்லை, இரண்டு டிஸ்க்கும் மறுபடி ஒத்துப்போய்விட்டன.

செய்தது, இனி செய்வது

11-ஆம் தேதி சாக்கெட் மாற்றியாயிற்று, பேட்டரி இரண்டும் புதிது, மாட்டிய தேதியை யூபிஎஸ் முதுகில் மார்க்கரில் எழுதியிருக்கிறேன். 2028 மார்ச்சில், நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுவோம். பிரிண்டர் ஜன்னல் பக்கமே இருக்கட்டும். சர்வர் மூலைப் பாயிண்டில் தமிழிலும் மலாயிலும் ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று: இங்கே பிரிண்டர், கெட்டில், ஃபேன் எதுவும் சொருகக்கூடாது. கெட்டிலைச் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது, அந்த மூலையில் ஒன்றைப் பார்த்தேன்.

இத்தனை வருடமாகப் பெட்டியிலேயே கிடந்த யூபிஎஸ் யூஎஸ்பி வயரை சர்வரில் மாட்டினேன். கரண்ட் பத்து நிமிடம் வரவில்லை என்றால் சர்வர் தானே ஒழுங்காக ஷட்டவுன் ஆகும். 15-ஆம் தேதி சனிக்கிழமை பிளக்கை உருவி 15 நிமிடம் பல்பை ஓட்டினேன், பேட்டரி 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. இதே பல்பு டெஸ்டை மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்வேன், அடுத்தது ஜூன் 14. நிகழ்வு 41 பதிவானால் என் போனுக்கு டெலிகிராம் செய்தி வரும்படி ஒரு ஸ்கிரிப்டும் போட்டிருக்கிறேன்.

உங்களிடம் இரண்டு கேட்கிறேன். மேசை, பிளக் எதை நகர்த்தினாலும் எனக்கு ஒரு வரி அனுப்புங்கள். யூபிஎஸ் பீப் அடித்தால் பட்டனை அழுத்தும் முன் போன் செய்யுங்கள், ராத்திரியானாலும் பரவாயில்லை. மற்றபடி, மீதிப் பாயிண்டுகளையும் வயர்மேனை வைத்து ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது. அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும்.

செலவு: பேட்டரி 190 ரிங்கிட், வயர்மேன், சாக்கெட் சேர்த்து 120. பழைய பவர் சப்ளை நன்றாகத்தான் இருந்தது, திரும்ப மாட்டிவிட்டேன், அதற்கும் நான் வந்துபோன 6, 7 தேதிகளுக்கும் பில் இல்லை.

11-ஆம் தேதியிலிருந்து இன்று வரை நிகழ்வு 41 ஒன்றும் இல்லை. யூபிஎஸ் லாகில் 19-ஆம் தேதி மாலை, இடி மழையின்போது, இரண்டு தடவை பேட்டரிக்கு மாறியதாக இருக்கிறது. அந்த நேரத்தில் அக்கா இன்வாய்ஸ் அடித்துக்கொண்டிருந்தாராம், ஒன்றும் தெரியவில்லை என்கிறார்.