3-பி குடியிருப்பின் படுக்கையறை ஏசி: கசிவைக் கண்டறிந்து சரிசெய்ய டெக்னீஷியனை அனுப்பக் கோரும் கடிதம்

நாள்: ஜூன் 9

அனுப்புநர்: வாடகைதாரர், 3-பி குடியிருப்பு, மூன்றாம் தளம்.

பெறுநர்: 3-பி குடியிருப்பின் உரிமையாளர் அவர்கள்.

பொருள்: படுக்கையறையிலுள்ள 1.5 டன் ஸ்பிளிட் ஏசி குளிர்விக்காமலும் உள் யூனிட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டும் இருப்பது; சர்வீஸ் வருகை கோருவது தொடர்பாக.

பார்வை: வாடகை ஒப்பந்தத்தின் 9-ஆம் பிரிவும், அதனுடன் இணைத்த பொருள் பட்டியலின் 4-ஆம் வரிசையும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த ஏப்ரல் 21-ஆம் தேதி தாங்கள் அனுப்பி வைத்த டெக்னீஷியன் கேஸ் நிரப்பிச் சென்ற அதே ஏசி மூன்று வாரம் நன்றாக ஓடிவிட்டு, மே இரண்டாம் வாரத்திலிருந்து மறுபடியும் பழைய நிலைக்கே வந்துவிட்டது. சென்ற வாரம் தொலைபேசியில் நான் இதைச் சொன்னபோது, விவரத்தை எழுத்தில் அனுப்பும்படி தாங்கள் கேட்டுக்கொண்டதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். இம்முறை வருபவர் மீண்டும் கேஸை மட்டும் நிரப்பிவிட்டுப் போகாமல், அது எங்கே கசிகிறது என்பதைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே நிரப்ப வேண்டும் என்பதுதான் என் முதன்மையான வேண்டுகோள்.

இப்போதைய நிலை இதுதான். இரவு 10 மணிக்கு 24 டிகிரியில் வைத்து ஏசியைப் போட்டால், முதல் அரை மணி நேரம் ஓரளவு குளிர்ச்சி தெரிகிறது. அதன்பின் காற்றின் வேகமே படிப்படியாகக் குறைந்து, நள்ளிரவுக்கு மேல் வெறும் ஈரக் காற்றுதான் வருகிறது. ஏசி ஓடும் அறையில் மின்விசிறியையும் முழு வேகத்தில் வைத்துக்கொண்டு படுக்க வேண்டியிருக்கிறது. ஊகமாக எதையும் சொல்ல வேண்டாம் என்பதால் ஒரு சாதாரண வெப்பமானியை உள் யூனிட்டின் காற்று வரும் வாயில் பத்து நிமிடம் தொங்கவிட்டுப் பார்த்தேன். அறை வெப்பம் 30 டிகிரியாக இருக்கையில் வெளிவரும் காற்று 25 டிகிரி காட்டுகிறது. கேஸ் நிரப்பிய மறுநாள் இதே முறையில் பார்த்தபோது அறை 27 டிகிரியும் வரும் காற்று 14 டிகிரியுமாக இருந்தன. அன்றிருந்த 13 டிகிரி வித்தியாசம் இன்று 5 டிகிரியாகச் சுருங்கியிருக்கிறது. வெளி யூனிட்டும் முன்போல இடையிடையே ஓய்வெடுப்பதில்லை. இரவு முழுவதும் நிற்காமல் ஓடுவதால், ஓர் இரவுக்கு 7 யூனிட் அளவில் இருந்த மின்செலவு 10 யூனிட்டைத் தொடுகிறது.

நீர் சொட்டும் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் முதலில் நானும் இதை டிரெய்ன் பைப் அடைப்பு என்றே நினைத்தேன். பால்கனியில் அந்தப் பைப்பின் முனையில் ஒரு பக்கெட்டை வைத்து இரண்டு இரவுகள் கவனித்தேன். ஏசியைப் போட்டவுடன் நீர் ஒழுங்காகச் சொட்டுகிறது. ஆகவே பைப் திறந்துதான் இருக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்துச் சொட்டுவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் உள் யூனிட்டின் முன்மூடியைத் தூக்கிப் பார்த்தால், காயிலின் இடப்பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளையாகப் பனி படிந்திருக்கிறது. வலப்பக்கம் வெறும் ஈரமாக மட்டுமே இருக்கிறது. விடியற்காலையில் ஏசியை நிறுத்திய கால் மணி நேரத்தில் அந்தப் பனி மொத்தமாக உருகி, தட்டு கொள்ளாமல் முன்பக்கமாக வழிந்து, கீழே நிற்கும் அலமாரியின் மேல் கொட்டுகிறது. சனிக்கிழமை காலை மட்டும் நான் வைத்திருந்த தட்டில் ஒன்றேகால் லிட்டர் நீர் சேர்ந்திருந்தது.

ஃபில்டரில் தூசி அடைத்திருந்தாலும் காயிலில் பனி படியும் என்பதை அறிவேன். ஆனால் ஃபில்டர்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி நிழலில் உலர்த்தி மாட்டுவது என் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருப்பதால், குடிவந்த நவம்பர் மாதத்திலிருந்து அதைத் தவறாமல் செய்து வருகிறேன்; கடைசியாகக் கழுவியது ஜூன் 1-ஆம் தேதி. மேலும், காற்றோட்டக் குறைவால் பனி படிந்தால் பொதுவாகக் காயில் முழுவதும் பரவும். ஒரு பக்கம் மட்டும் உறைந்து மறுபக்கம் குளிராமல் இருப்பது கேஸ் குறைந்திருப்பதற்கான அடையாளம் என்று எங்கள் கட்டடத்தின் மின்பணியாளரும் சொன்னார். வெளி யூனிட்டில் பைப்புகள் சேரும் இடத்தில் மெல்லிய பைப்பின் நட்டைச் சுற்றியும் பனி கட்டுகிறது. அதற்கு அடுத்துள்ள தடித்த பைப்பின் ஃப்ளேர் நட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய கருந்தூசியும் தெரிகின்றன. கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்தே சுற்றி வருவதால், கசியும் இடத்தில் இப்படிப் பிசுக்குப் படிவது உண்டு. கசிவு அங்கேதான் என்று அடித்துச் சொல்ல நான் டெக்னீஷியன் அல்லன். முதலில் பார்க்க வேண்டிய இடம் அது என்று மட்டும் சொல்கிறேன்.

ஏசியின் கேஸ் வாகன எரிபொருளைப் போலச் செலவாகித் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. எனவே குறைந்திருந்தால் எங்கோ கசிந்திருக்கிறது என்றுதான் பொருள். ஏப்ரலில் வந்தவர் இருபது நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார். கசிவைச் சோதிக்கவில்லையா என்று நான் கேட்டதற்கு, ‘பழைய மெஷின்னா கொஞ்சம் கொஞ்சம் குறையத்தான் செய்யும் சார்’ என்றார். அவர் கொடுத்த ரசீதில் ‘கேஸ் டாப்-அப்’ என்ற இரண்டு சொற்கள் மட்டுமே உள்ளன; எவ்வளவு எடை நிரப்பினார் என்பது இல்லை. அவரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அதே வேலைக்குத் தாங்கள் மறுமுறையும் பணம் கொடுத்து, அடுத்த மாதம் நான் மறுபடியும் இப்படி ஒரு கடிதம் எழுதும்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

ஆகையால் வருபவர் நைட்ரஜன் சிலிண்டர், சோப்பு நுரைக் கரைசல், வேக்கம் பம்ப், எடை பார்க்கும் தராசு ஆகியவற்றோடு வரும்படி முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டுகிறேன். மீதமுள்ள கேஸை முறைப்படி எடுத்துவிட்டு, நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துக் கசிவைக் கண்டறிந்து, அதைச் சரிசெய்து, வேக்கம் போட்ட பிறகு, வெளி யூனிட்டின் தகட்டில் அச்சிட்டுள்ள எடையளவுக்கு நிரப்பினால் போதும். தகட்டில் ஆர்-32, 800 கிராம் என்று இருக்கிறது. இந்த வகை கேஸ் குறைந்த அளவில் தீப்பற்றக் கூடியது என்பதால், பைப்பில் பற்றவைக்கும் வேலை வந்தால் கேஸை முழுவதும் எடுக்காமல் தொடங்க வேண்டாம் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். கசிவு காயிலுக்குள்ளேயே இருப்பதாகத் தெரிந்தால், அதை அடைப்பதா மாற்றுவதா என்ற முடிவு தங்களுடையது. அப்படியானால் டெக்னீஷியன் தம் கருத்தை எழுதிக் கொடுத்துச் செல்லட்டும். அன்றே தங்களுக்கு அனுப்பி வைக்கிறேன். காயிலுக்கோ கம்ப்ரஸருக்கோ உத்தரவாதக் காலம் மீதமிருக்கிறதா என்று ஏசி வாங்கிய பில்லைத் தாங்கள் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அந்தப் பில் என்னிடம் இல்லை.

இதில் அவசரம் என்று நான் கருதுவதற்குக் காரணங்கள் உண்டு. அந்த அறையில் தங்கியிருப்பவர் என் தாயார். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் பகலிலும் பெரும்பாலும் படுக்கையில்தான் இருக்கிறார். அடுத்து, தங்கள் அலமாரி. அதன் வலப்பக்க மேல் மூலையில் இரண்டு அங்குல நீளத்துக்கு ப்ளைவுட் உப்பி, மேலே ஒட்டிய தாள் பிரிந்திருக்கிறது. உடனே தட்டு வைத்தும், பிளாஸ்டிக் விரிப்பால் மூடியும் மேற்கொண்டு நனையாமல் காத்து வருகிறேன். வீட்டை ஒப்படைக்கும் நாளில் இந்தச் சேதம் என் கவனக்குறைவால் வந்ததாகக் கணக்கில் சேர்ந்துவிடக் கூடாது என்பதால் இப்போதே பதிவு செய்கிறேன். கேஸ் குறைந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் கம்ப்ரஸர் சூடேறிக் கெட்டுப்போக வாய்ப்பிருப்பதால், இன்று முதல் ஏசியை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

செலவைப் பொறுத்தவரை, ஃபில்டர் சுத்தம் போன்ற அன்றாடப் பராமரிப்பு வாடகைதாரருடையது என்றும், சாதனங்களின் பழுது உரிமையாளருடையது என்றும் 9-ஆம் பிரிவு சொல்கிறது. நான் சரியாகப் பராமரிக்காததால்தான் இந்தப் பழுது வந்தது என்று டெக்னீஷியன் எழுதித் தந்தால், அந்தப் பகுதிச் செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன். நானே ஆள் ஏற்பாடு செய்வது தங்களுக்கு வசதி என்றால் அதற்கும் தயார். மதிப்பீட்டை முதலில் அனுப்புகிறேன். ஜூலை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று தாங்கள் எழுத்தில் ஒரு வரி தந்தபின் வேலையைத் தொடங்கச் சொல்கிறேன்.

புதன்கிழமை காலை 9 முதல் 1 மணி வரையிலும், சனிக்கிழமை நாள் முழுவதும் வீட்டில் இருப்பேன். வெளி யூனிட் பால்கனிக் கம்பிக்கு வெளியே தாங்கியில் நிற்பதால் இருவராக, பாதுகாப்புப் பெல்ட்டுடன் வருவது அவசியம். உயரத்தில் செய்யும் வேலைக்குக் குடியிருப்பு அலுவலகத்தில் முதல் நாளே பெயர் கொடுக்க வேண்டும்; வருபவர்களின் பெயரும் எண்ணும் தெரிந்தால் நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். கட்டிலையும் அலமாரியையும் முன்கூட்டியே நகர்த்தி வைத்திருப்பேன்.

அதே வருகையில் ஃபிரிட்ஜையும் ஒரு பார்வை பார்க்கச் சொன்னால் உதவியாக இருக்கும். கதவின் கீழ்மூலையில் ரப்பர் இறுகிவிட்டது. ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தினால் இழுத்தவுடன் வழுக்கிக்கொண்டு வருகிறது. ஃபிரிட்ஜ் குளிர்விக்கத்தான் செய்கிறது என்பதால் இது காத்திருக்கலாம். ரப்பருக்கான அளவை மட்டும் எடுத்துச் சென்றால் போதும்.

காயிலில் பனி படிந்த படங்கள், ஃப்ளேர் நட்டின் படம், அலமாரி மூலையின் படம், வெப்பமானி அளவுகள், ஏப்ரல் ரசீதின் நகல், நீர் வழியும் 40 விநாடிக் காணொளி ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். எந்த நாள் வசதி என்பதைச் செவ்வாய்க்கிழமை மாலைக்குள் தெரிவித்தால், அலுவலகத்தில் அனுமதி வாங்கி வைக்க நேரம் கிடைக்கும்.

நன்றியுடன்,
3-பி வாடகைதாரர்