அப்பாவுக்கு, ஒரு பாட்டோடு

தெஹிவளை,
ஆவணி, 2025.

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை அம்மா கொண்டுவந்து தந்தா என்பதற்காக அம்மாவோடு கோபிக்க வேண்டாம். நான்தான் கெஞ்சிக் கேட்டுக் கொடுத்துவிட்டேன். உறைக்குள்ளே சின்னப் பென் டிரைவ் ஒன்றும் இருக்கிறது. அதில் ஒரேயொரு பாட்டுத்தான். கடிதத்தைப் படிக்க மனம் வராவிட்டாலும் பரவாயில்லை, பாட்டை மட்டும் ஒருக்கால் கேளுங்கோ.

‘நலந்தானா’. வேறு எந்தப் பாட்டை அனுப்பப் போகிறேன்?

உங்களுக்கு அந்தப் பாட்டைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் சொல்லித் தந்ததுதான். 1968இல் வந்த தில்லானா மோகனாம்பாள், எழுதியது கண்ணதாசன், இசை கே.வி. மகாதேவன், பாடினது சுசீலா. எல்லாரும் சிவாஜியின் கன்னத்தைப் பார்ப்பினம், நீ சத்தத்தைக் கேள், அது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசிச்சது என்று சொல்லுவீர்கள். அப்போது எனக்கு ஆறு வயதிருக்கும். சிவாஜி வாசிக்கவில்லை என்றதும் நான் அழுதேனாம், அம்மா இப்பவும் சொல்லிச் சிரிப்பா.

நான் அனுப்புவது படத்தில் வருகிற சுத்தமான பாட்டு இல்லை. அது யூடியூபிலேயே கிடக்கிறது. இது நீங்கள் பதிந்தது. கொட்டாஞ்சேனை வீட்டில் இலங்கை வானொலி போய்க்கொண்டிருக்க, சித்தப்பாவின் டேப் ரெக்கோடரை ரேடியோவுக்கு முன்னால் கதிரையில் வைத்துப் பிடித்தது. கசெட்டின் மேல் உங்கள் கையெழுத்து, நீல மை. ‘நலந்தானா, பின்பக்கம், அழிக்கக் கூடாது.’ ‘அழிக்கக் கூடாது’ என்பதன் கீழே இரண்டு கோடு. நான் வீட்டை விட்டு வெளிக்கிட்ட அன்று அம்மா என் பைக்குள் வைத்துவிட்ட சாமான்களோடு அதுவும் வந்துவிட்டது. தெரிந்து வைத்தாவா, தெரியாமல் வைத்தாவா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. நீங்கள் அதைத் தேடியிருப்பீர்கள்.

அப்பா, அந்தப் பதிவில் என்னென்ன கேட்கிறது தெரியுமா? முதலில் அறிவிப்பாளரின் குரல், சொல்லின் பாதியில் தொடங்குகிறது. நீங்கள் பட்டனை அமத்தப் பிந்திவிட்டீர்கள். பிறகு சுசீலா. பின்னாலே அம்மா தேங்காய் துருவுகிற சத்தம், தெருவில் ஒரு பஸ் ஹோர்ன். முதலாவது தரம் அவள் கேட்டு முடிய நாதஸ்வரம் எழும்புகிறதே, அந்த இடத்தில் உங்கள் குரல். மெதுவாக, ஆனால் தெளிவாக: “பொறு, இந்த இடம் கேள் பிள்ளை.” அதற்குப் பிறகு கதிரைக் கையில் நீங்கள் போடுகிற தாளம் பாட்டு முடியும்வரை கேட்கிறது.

உங்கள் குரலை நான் வேறெங்கே கேட்கிறேன்? அம்மா போன் எடுக்கும்போது தூரத்தில், “யாரது?” என்று கேட்பீர்கள். அம்மா “பக்கத்து வீட்டுப் பிள்ளை” என்பா. அவ்வளவுதான்.

கசெட் நாடா ஒட்டிப்போயிருந்தது. அதைத் துடைத்து, உள்ளே கழன்றுபோயிருந்த சின்னப் பஞ்சு அட்டையை மாற்றி, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அலைந்து பழைய பிளேயர் ஒன்று வாங்கிக் கொண்டுவந்து, கம்பியூட்டருக்கு ஏற்றித் தந்தது இவர். அதை நான் உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். உங்கள் குரல் வந்த இடத்தில் இவர் நிற்பாட்டினார். திருப்பி ஓட விட்டார். திரும்பவும் கேட்டார். பிறகு சொன்னார்: “மாமா சரியான இடத்திலதான் பொறு எண்டிருக்கிறார்.”

இவர் உங்களை மாமா என்றுதான் சொல்லுவார். ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான்.

ஏன் அது சரியான இடம் என்றும் இவர் சொன்னார். நாதஸ்வரம் வெட்டவெளியில், வீதியில், ஆயிரம் பேருக்குக் கேட்க வேண்டும் என்று பிறந்த வாத்தியம். ஊதினால் அதிரும். அதை அடக்கி, ஒரு ஆளின் காதுக்குள் கேட்கிற மாதிரி வாசிப்பதுதான் கஷ்டம். சீவாளியில் உதடு எவ்வளவு பதிய வேண்டும், மூச்சை எவ்வளவு விட வேண்டும் என்பது ஒரு ஆயுசுக்குரிய பழக்கமாம். அவள் குரலில் கேட்டதைக் குழல் அதட்டாமல் வாங்கி, அதே சுரத்தில் திருப்பிக் கொடுக்கிறது. இவருடைய தாத்தா இந்தப் பாட்டை ரேடியோவில் கேட்டால் சாப்பாட்டுக் கோப்பையில் கை வைக்கமாட்டாராம், முடியும்வரை அப்படியே இருப்பாராம். அதைக் கேட்டபோது எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. நீங்களும் அப்படித்தானே.

அப்பா, அந்தத் தாத்தா யார், அவர் என்ன தொழில் செய்தார் என்பதுதான் எங்களுக்குள் இத்தனை வருஷமாகக் கிடக்கிறது. நான் கலியாணம் முடித்தது பிழை என்று எழுத இந்தப் பேனையை எடுக்கவில்லை. எனக்கு அப்படித் தோன்றினதே இல்லை, இனியும் தோன்றாது. உங்களுக்குப் பொய் எழுதக் கூடாது என்பதால் சொல்கிறேன். “எங்கட வீட்டுக் கலியாணத்தில வாசிக்கலாம், எங்கட வீட்டில கலியாணம் செய்யேலாது” என்று அன்றைக்கு நீங்கள் சொன்ன சொல் எனக்கு இன்னும் வலிக்கிறது. இவருக்கு அது தெரியாது. நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஆனால் என்னை அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது நீங்கள். பொன்னம்பலவாணேசர் கோயில் திருவிழாவில் மற்றவர்கள் சுவாமியோடு போவார்கள், நீங்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மேளக்காரரோடு போவீர்கள். அந்தக் கருங்கல் மண்டபத்துக்குள் தவில் அடி விழும்போது என் நெஞ்சுக்குள் கேட்கும். அளவெட்டியில் கும்பிழாவளைப் பிள்ளையார் கோயிலடியில் விடிய விடியத் தட்சணாமூர்த்தியின் தவில் கேட்ட கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள். பத்மநாதன் வாசித்த தோடியைச் சொல்லும்போது உங்களுக்குக் கண் கலங்கும். நான் வேறு ஒருவர் கண்ணிலும் அப்படிப் பார்த்ததில்லை. அந்த மனிதர்களுக்கு முன்னால் நீங்கள் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றீர்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதுதான் உண்மையான அப்பா என்று நம்புகிறேன்.

வழக்குப் பேச வரவில்லை. இதோடு விடுகிறேன்.

போன வருஷம் உங்களுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் என்று அம்மா போனில் சொன்னபோது நான் பஸ்ஸுக்குள் நின்றேன். எந்த ஹோல்ட்டில் இறங்கினேன் என்று தெரியாது. ஆஸ்பத்திரிக்கு வந்தேன் அப்பா. உங்களுக்குத் தெரியாது. வார்டுக்கு வெளியே நின்றேன். இப்ப வேண்டாம் பிள்ளை, நெஞ்சுக்கு ஆகாது என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா. கதவுக் கண்ணாடியால் உங்கள் கால் மட்டும் தெரிந்தது. பெருவிரல் நகம் வளர்ந்திருந்தது. ஒருத்தரும் வெட்டிவிடவில்லையே என்று நினைத்தேன். அதையே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தப் பாட்டில் மோகனாவுக்கும் அதுதானே நிலைமை. அவளுடைய நாதஸ்வரக்காரர் காயப்பட்டுக் கிடந்து எழும்பி வந்திருக்கிறார். அவளுக்கு ஓடிப்போய்க் கையைப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஆனால் சபை இருக்கிறது, ஊர் பார்க்கிறது, நேரே ஒரு சொல் கேட்க வழியில்லை. அதனால் ஆட்டத்துக்குள் வைத்துக் கேட்கிறாள், உடலும் உள்ளமும் நலந்தானா என்று. செய்தி கேட்டு தான் பட்ட பாடு யாருக்குத் தெரியும் என்றும் கேட்கிறாள். அது காதலர் பாட்டுத்தான், எனக்குத் தெரியும். ஆனால் உங்களிடம் கேட்க எனக்கு அதைவிட நல்ல கேள்வி கிடைக்கவில்லை.

அப்பா, நலந்தானா? மூச்சு முட்டுகிறதா? படியேறும்போது நின்று நின்று ஏறுகிறீர்களா? உப்பைக் குறைத்தீர்களா, அல்லது ஊறுகாய்ப் போத்தலை அம்மாவுக்குத் தெரியாமல் இன்னும் அலுமாரிக்குள் வைத்திருக்கிறீர்களா? இரவில் நித்திரை வருகிறதா?

உங்கள் பேரனுக்கு ஏழு வயது. பதிவைக் கேட்டுவிட்டு, “அம்மா, ஆர் அது பொறு எண்டு சொல்லுறது?” என்று கேட்டான். உன்ரை தாத்தா என்றேன். “அவர் எங்க இருக்கிறார்?” கொட்டாஞ்சேனையில் என்றேன். தெஹிவளையிலிருந்து ஒரு பஸ் தூரம் என்று அவனுக்குத் தெரியும், அவன் கெட்டிக்காரன். “அப்ப ஏன் நாங்கள் போறேல்ல?” என்றான். நான் பதில் சொல்லவில்லை. உங்களைப் பற்றி ஒரு குறையும் அவனுக்குச் சொன்னதில்லை, இவரும் சொன்னதில்லை.

நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இவரை மருமகன் என்று சொல்ல வேண்டும் என்றும் இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. அது உங்களுக்கு எவ்வளவு பாரம் என்று தெரியும். அண்ணன் தம்பிமார், ஊர்ச் சனம், எல்லாருக்கும் முகம் கொடுக்க வேண்டியது நீங்கள்தான். கேட்ட கேள்விக்கு ஒரு மறுமொழி மட்டும் தாங்கோ. என்னோடு கதைக்க மனமில்லாவிட்டால் அம்மாவிடம் “நலம் எண்டு சொல்லு” என்று சொன்னால் போதும். அம்மா எனக்குச் சொல்லுவா.

அதற்கு மேல் மனம் வந்தால்: வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரப் பூசைக்கு நான் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கு வருவேன். மகனும் வருவான். நாங்கள் இரண்டு பேரும் மட்டும்தான், இவர் வரமாட்டார், அது இவரே சொன்னது. நாங்கள் வசந்த மண்டபப் பக்கம் நிற்போம். நீங்கள் கிட்ட வர வேண்டும் என்று இல்லை. நீங்கள் வராவிட்டாலும் நான் மனம் விட்டுப்போகமாட்டேன், அடுத்த வெள்ளியும் வருவேன்.

பென் டிரைவை, தம்பி கனடாவிலிருந்து வந்தபோது தேவாரம் கேட்க வாங்கித் தந்த ரேடியோவின் பின்பக்கத்தில் செருக வேண்டும். கறுப்புப் பட்டனை ஒருதரம் அமத்தினால் தானாகப் பாடும். பழைய பதிவு, சத்தம் கொஞ்சம் குறைவு, கூட்டி வையுங்கோ. உங்கள் குரல் வருகிற இடம் ஆரம்பத்திலேயே இருக்கிறது, தவற விடாதேங்கோ. கசெட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அது உங்களுடையது. வெள்ளிக்கிழமை கொண்டுவருவேன்.

மருந்தை நேரத்துக்குக் குடியுங்கோ.

என்றும் உங்கள் அன்பு மகள்