தெருவிளக்கைச் சரிசெய்ய வேண்டி விண்ணப்பம்

நாள்: 18.11.2025

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
வார்டு அலுவலகம்.

பொருள்: பிள்ளையார் கோயில் 2ஆவது குறுக்குத் தெரு, கம்ப எண் 7இல் விளக்கு எரியாதது தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய புகார் எண் 03817, நாள் 27.10.2025.

ஐயா,

வணக்கம். மேற்கண்ட தெருவில் ரேஷன் கடையைத் தாண்டி, குடிநீர்த் தொட்டிக்கு எதிரே, தெரு வலப்பக்கம் திரும்பும் முனையில் நிற்கும் 7ஆம் எண் கம்பத்தின் எல்.இ.டி. விளக்கு மூன்று வாரங்களுக்கும் மேலாக எரியவில்லை. பார்வையில் கண்ட புகாரின்பேரில் 30.10.2025 அன்று ஊழியர் வந்து பார்த்தார். அன்றிரவு மட்டும் விளக்கு எரிந்தது. மறுநாள் மாலை விட்டு விட்டு எரிந்து அணைந்துவிட்டது. ஆனால் புகார் சரிசெய்யப்பட்டதாக எனக்குக் குறுஞ்செய்தி வந்துள்ளது.

விளக்கைவிட எனக்கு அதிக அச்சம் தருவது, கம்பத்தின் அடியில் உள்ள இணைப்புப் பெட்டியின் மூடி கழன்று தொங்குவதும், இன்சுலேஷன் டேப் பிரிந்த இரண்டு கம்பிகள் சிறு குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் வெளியே தெரிவதும் ஆகும். மழைக்காலத்தில் அங்கே கணுக்கால் அளவு தண்ணீர் தேங்குகிறது. டியூஷன் முடிந்து பிள்ளைகள் இரவு எட்டு மணிக்கு அந்த இருட்டில்தான் நடந்து வருகிறார்கள்.

ஆகவே, பெட்டியை இன்றே மூடிப் பாதுகாப்பாக்கவும், விளக்கை மட்டும் மாற்றாமல் கம்பத்துக்கு வரும் இணைப்பையும் சோதித்துச் சரிசெய்யவும், முந்தைய புகாரை மீண்டும் திறந்து நடவடிக்கை விவரத்தைத் தெரிவிக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: புகைப்படங்கள் 2, குறுஞ்செய்தி நகல் 1.

இப்படிக்கு,
இரா. செல்வி,
கதவு எண் 14, பிள்ளையார் கோயில் 2ஆவது குறுக்குத் தெரு.