இறக்கக்கண்டி ஐஸ் ஆலையும் கடல் பக்கச் சுவரில் இருக்கும் நான்கு மெஷின்களும்

வணக்கம் ஐயா,

போன ஞாயிறு பத்திரிகையில் உங்கள் புது ஐஸ் ஆலையின் திறப்பு விழாப் படம் வந்திருந்தது. நாடா வெட்டுகிறவர்களைத்தான் எல்லாரும் பார்த்திருப்பார்கள். என் கண் போனது அவர்களுக்குப் பின்னால், குளிர் அறைச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த நான்கு கொண்டென்சர் மெஷின்கள் மேல். விழா காலை 9 மணிக்கு என்று செய்தியில் இருந்தது, படத்தில் அந்தச் சுவரில் பளிச்சென்று வெயில் அடிக்கிறது. அப்படியென்றால் அது கிழக்குச் சுவர், கடல் பக்கம். சரி, படத்தை நம்பி ஒரு முடிவுக்கு வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை குச்சவெளியில் ஒரு வேலைக்குப் போகும்போது பைக்கை உங்கள் வேலி ஓரம் நிறுத்தி எட்டிப் பார்த்தேன், கடல் பக்கம்தான். அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்தக் கிழமை உங்கள் மேசையில் வாழ்த்துக் கடிதங்கள் நிறைய இருக்கும், முதல் வரியில் வாழ்த்தும் இரண்டாம் வரியில் விலைப்பட்டியலுமாக. நானும் வேலை கேட்டுத்தான் எழுதுகிறேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த நான்கு மெஷின்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை தந்தாலும் தராவிட்டாலும் அது உங்களுக்கு உதவும்.

நான் உப்புவெளியில் நிலாவெளி வீதியோரம் ஒரு சின்ன வேலைத்தலம் வைத்திருக்கிறேன். குளிர் அறை, ஐஸ் பெட்டி, ஹோட்டல் ஏசி எல்லாம் பார்ப்பேன். இந்தத் தொழிலில் 19 வருடம், அதில் ஆறு வருடம் கட்டாரில். அங்கே தூசியோடு சண்டை பிடித்தேன், இங்கே வந்தபிறகு உப்போடு. இரண்டில் உப்புதான் பொல்லாதது. தூசி கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். உப்பு தன் வேலையை முடித்துவிட்டுத்தான் தெரியும்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், நம் பக்கத்தில் காற்று வருடத்துக்கு இரண்டு தடவை முகம் மாறும். இப்போது கச்சான், தரைப் பக்கமிருந்து வருவது. சூடாக இருக்கும், ஆனால் உப்புக் குறைவு. கார்த்திகை பிறக்கும் முன்னே வாடை தொடங்கிவிடும். அது நேரே கடலிலிருந்து வந்து உங்கள் கிழக்குச் சுவரில் அடிக்கும். அலை உடையும்போது எழும் துமி காற்றோடு வந்து அந்த மெஷின்களின் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் படியும். உள்ளே செப்புக் குழாய், அதன் மேல் அலுமினியத் தகடு. இரண்டு உலோகம் ஒட்டி நிற்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் மின்கலம் மாதிரி வேலை செய்யத் தொடங்கும். அதில் கரைந்து போவது அலுமினியம். முதலில் வெள்ளையாகப் பூத்தது போல இருக்கும், பெடியங்கள் தூசி என்று விட்டுவிடுவார்கள். அப்புறம் விரலால் தொட்டால் சாம்பல் மாதிரி உதிரும்.

இதைக் கதையாகச் சொல்லவில்லை. இதே கரையோரம் ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், மூன்று வருடம்கூட ஆகாத ஒரு குளிர் அறைக்கு இரவு 11 மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே சூரை மீன், லொறி வர விடியும். நான் போய்ச் சேரும்போது மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அறையில் குளிர் இறங்கவில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தால் தகடுகள் பாதிக்கு மேல் இல்லை, குழாய் அம்மணமாக நின்றது. அந்த இரவு ஐஸ் போட்டு மீனைக் காப்பாற்றினோம், கொயிலைக் காப்பாற்ற முடியவில்லை. சூரை மாதிரி மீன்களைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஒருமுறை சூடேறி ஹிஸ்டமின் சேர்ந்துவிட்டால் திரும்பக் குளிரூட்டினாலும் போகாது, கறி வைத்துக் கொதிக்க விட்டாலும் போகாது. அந்த முதலாளி காஸ் போடவும் கொயில் மாற்றவும் செலவழித்ததில் நாலில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது, அவர் வருடக்கணக்காக ஒழுங்காகக் கழுவியிருந்தால். கழுவ ஒரு ஆளைப் போடச் சொல்லி நான் இரண்டு தடவை சொன்னேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும், கோபம் இன்னும் போகவில்லை.

செய்தியில் ஒரு நாளைக்கு 15 தொன் ஐஸ், இரண்டு குளிர் அறை, 40 பேருக்கு வேலை என்று போட்டிருந்தார்கள். இது நம் பக்கத்துக்குப் பெரிய விஷயம். பங்குனி, சித்திரையில் கடல் அமைதியானதும் தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வள்ளங்கள் இங்கே வந்துவிடும், அப்போது ஐஸுக்கு அடிபடுகிற அடிபாட்டைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன்கூட ஒரு சம்மாட்டி திருகோணமலை டவுனிலிருந்து ஐஸ் ஏற்றி வந்தார், வெயிலில் வந்து சேரும்போது எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஆலை வந்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். என் மச்சான் ஒருவர் வள்ளம் வைத்திருக்கிறார் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஆனால் வாடை காலத்தில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் கரையில் ஏறிவிடும், ஐஸ் கேட்க ஆள் இராது, ஒரு குளிர் அறையை நிறுத்தி வைப்பீர்கள். நிறுத்தின மெஷினை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உப்புக் காற்று அதிகமாக அடிக்கும் அந்த மாதங்களில்தான் மெஷின் ஓடாமல், சூடில்லாமல், ஈரத்தோடு சும்மா நிற்கும். மாசியில் திரும்ப சுவிட்ச் போடும்போதுதான் விஷயம் தெரியும். மெஷின் ஓடாத காலத்தில்தான் அது அதிகம் கெடுகிறது என்பதை நான் சொல்லி ஒருவர்கூட முதல் தடவையில் நம்பியதில்லை.

கச்சானுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மதியத்தில் 35 பாகையைத் தாண்டும் நாட்களில் தகடுகள் உப்பும் தூசியும் பிடித்து அடைந்திருந்தால் கொண்டென்சருக்குள் சூடு ஏறும். சூடு ஒரு பாகை ஏற கரண்ட் சுமார் 2 முதல் 3 வீதம் கூடும். ஐந்து பாகை ஏறினால் மாதக் கடைசியில் மின்சார பில்லில் அது தெரியும். பில்லைப் பார்த்து மெஷினைத் திட்டுவார்கள், தகட்டைப் பார்க்க மாட்டார்கள்.

நான் செய்ய நினைப்பது இவ்வளவுதான்: வாடை தொடங்கும் முன், அதாவது புரட்டாதிக்குள், நான்கு மெஷினையும் கழற்றாமலே நன்றாகக் கழுவி, உலர்த்தி, கொயிலுக்குப் பூச்சு அடித்துவிடுவேன். புது மெஷின் என்பதால் இப்போது அடித்தால்தான் பூச்சு பிடிக்கும், அரிப்புத் தொடங்கினபிறகு அடித்தால் பாதிப் பலன்கூட இல்லை. பிறகு மாதம் இரண்டு தடவை வந்து கழுவிப் பார்த்து, காஸ் அழுத்தத்தையும் மோட்டர் இழுக்கும் கரண்டையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன், கொப்பி உங்களிடமே இருக்கும். மாதம் 28,000 ரூபா, பூச்சுக்குத் தனி, அதை மெஷினை அளந்து பார்த்தபிறகு சொல்கிறேன். முடியுமென்றால் இரண்டு மெஷினையாவது மேற்குப் பக்கத்துக்கு மாற்றலாம், இல்லாவிட்டால் கிழக்கில் ஒரு மறைப்புச் சுவர் கட்டலாம், காற்றோட்டம் தடைப்படாத தூரத்தில். மறைப்பை மெஷினோடு ஒட்டிக் கட்டிவிட்டால் வெளியே விட்ட சூடு காற்றையே திரும்ப இழுக்கும், அதற்கு மறைப்பு இல்லாமலே இருக்கலாம்.

செய்யாததையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஐஸ் தொட்டிக்கு ஓடுவது அமோனியா என்று கேள்விப்பட்டேன். அந்தக் கொம்பிரசரில் நான் கை வைக்க மாட்டேன், அதைப் பூட்டித் தந்தவர்கள்தான் பார்க்க வேண்டும். என் பெடியன் ஒருவன் ஆர்வக்கோளாறில் அங்கே போய் ஒரு பித்தளை இணைப்பைப் பூட்டிவிட்டால் போதும், அமோனியா செப்பையும் பித்தளையையும் தின்றுவிடும். ஒரேயொரு ஆசை: அமோனியா மணம் வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று அந்த 40 பேருக்கும் கற்றுக்கொடுங்கள். காற்றுக்கு எதிராக, குறுக்காக என்று சொல்வதற்கு முதலில் அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும், கூரையில் ஒரு துணிக்கொடி கட்டினாலே போதும். ஆலைக்குப் பக்கத்து வீடுகளுக்கும் ஒருதரம் சொல்லி வைத்தால் நல்லது.

இதை விலைக்கோரல் என்று எடுக்க வேண்டாம் ஐயா. வருகிற வியாழக்கிழமை எனக்கு நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை இருக்கிறது. காலை 7 மணிக்கு, வெயில் ஏறும் முன்னே, உங்கள் பக்கம் வந்து அரை மணித்தியாலம் நான்கு மெஷினையும் பார்க்க விடுங்கள். பார்ப்பதற்குக் காசில்லை. பார்த்ததை ஒரு தாளில் எழுதித் தருகிறேன், அதைக் கொண்டு நீங்கள் வேறு ஒருவரிடம் வேலை கொடுத்தாலும் நான் கோபிக்கப் போவதில்லை. வாசலில் இருக்கும் காவலாளியிடம் ஒரு சொல் சொல்லி வைத்தால் போதும், செவ்வாய்க்கிழமை வேலியோரம் நின்று எட்டிப் பார்த்ததில் அவர் என்னை ஏற்கெனவே ஒரு மாதிரிப் பார்த்துவிட்டார்.

இப்படிக்கு,
நிலாவெளி வீதி, உப்புவெளி,
குளிரூட்டி வேலைத்தலத்திலிருந்து

பிற்குறிப்பு: வியாழன்வரை காத்திருக்காமல் ஒன்று செய்யலாம். செவ்வாய்க்கிழமை ஒரு பெடியன் கிணற்றுத் தண்ணீரை ஹோஸில் இழுத்து அந்த மெஷின்களைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவியது நல்லது, ஆனால் கடலுக்கு அவ்வளவு கிட்ட இருக்கும் கிணறு உவராகத்தான் இருக்கும், ஒரு வாய் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உவர் என்றால் குழாய்த் தண்ணீரோ பவுசர் தண்ணீரோ எடுக்கட்டும். பிரஷர் வைத்து அடிக்க வேண்டாம், தகடு மடங்கிவிடும்.