குழந்தை கொஞ்ச காலம் கழித்துப் போதும் என்று நினைக்கும் உங்களுக்கு

இந்தத் தாளை உறைக்குள் வைத்துத் தந்திருக்கிறோம். தனியாக இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்றால், ஆலோசனை அறையிலேயே உட்கார்ந்து படித்துவிட்டு நர்ஸிடம் கொடுத்துவிடலாம். அடுத்த முறை கேட்டாலும் தருவோம்.

குழந்தை எப்போது, எத்தனை, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதை முடிவு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. இப்போது தள்ளிப்போட்டால் பிறகு பிறக்காமலே போய்விடுமோ என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. இங்கே சொல்லியிருக்கும் நான்கு கருத்தடை முறைகளுமே தற்காலிகமானவை. எதுவும் கர்ப்பப்பையைக் கெடுப்பதில்லை. குழந்தையே பெறாதவர்களும் இவற்றைப் பயன்படுத்தலாம்.

மாத்திரையும் நல்ல முறைதான். ஆனால் தினமும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரையை நம்பியிருக்கும் 100 பெண்களில் சுமார் 7 பேருக்கு ஒரு வருடத்துக்குள் கரு உண்டாகிவிடுகிறது. பெரும்பாலும் மறதிதான் காரணம். கீழே வரும் முதல் மூன்று முறைகளில் அது 100-க்கு ஒருவருக்கும் குறைவு. ஒருமுறை வைத்துவிட்டால் நீங்கள் தினமும் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

காப்பர் டி

கர்ப்பப்பைக்குள் வைக்கும், ஆங்கில டி எழுத்து வடிவிலான சின்னப் பிளாஸ்டிக் துண்டு. மேலே செம்புக் கம்பி சுற்றியிருக்கும். அந்தச் செம்பு விந்தணுவைச் செயலிழக்கச் செய்கிறது. ஹார்மோன் எதுவும் இல்லை. எந்த வகை என்பதைப் பொறுத்து 5 அல்லது 10 வருடம் வேலை செய்யும்.

இதன் குறையையும் சொல்லிவிடுகிறோம். முதல் 3 முதல் 6 மாதங்களுக்கு மாதவிடாய் கூடுதலாகப் போகலாம், வயிறு இழுத்துப் பிடித்து வலிக்கலாம். பிறகு பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும். ஏற்கெனவே அதிக உதிரப்போக்கோ ரத்தசோகையோ இருந்தால் இது முதல் தேர்வாக இருக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

பாதுகாப்பில்லாமல் சேர்ந்துவிட்டீர்கள் என்றால், 5 நாளுக்குள் காப்பர் டி வைத்துக் கருவைத் தடுக்கலாம். அவசர மாத்திரையைவிட இது நம்பகமானது. இந்தச் செய்தி பலருக்குத் தெரிவதில்லை.

ஹார்மோன் உள்ள ஐயூடி

இதுவும் கர்ப்பப்பைக்குள் வைப்பதுதான். வடிவம் அதேதான், செம்புக்குப் பதில் கொஞ்சம் கொஞ்சமாக ஹார்மோன் கசியும். கர்ப்பப்பை வாயின் சளி கெட்டியாகி விந்தணுவை உள்ளே விடாது. வகையைப் பொறுத்து 3 முதல் 8 வருடம் வரை. மாதவிடாய் குறையும், சிலருக்கு வராமலே நின்றுவிடும். 'கெட்ட ரத்தம் உள்ளே தேங்கிவிடும்' என்று யாராவது சொல்வார்கள். தேங்காது. கர்ப்பப்பையின் உள்சுவர் மெலிதாகிவிடுவதால், வெளியேற வேண்டிய ரத்தமே அங்கே உருவாவதில்லை. முதல் சில மாதங்களில் அடிக்கடி துளித்துளியாகப் படுவது சகஜம்.

கையில் வைக்கும் இம்பிளான்ட்

மேல் கையின் உட்புறம், தோலுக்கு அடியில் வைக்கும் மெல்லிய குச்சி. சுமார் 4 சென்டிமீட்டர் நீளம். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, சில நிமிடங்களில் வைத்துவிடலாம். கீழே உடம்பைப் பரிசோதிக்கத் தேவையில்லை என்பதால் கூச்சப்படுகிறவர்களுக்கு இது சுலபம். 3 அல்லது 5 வருடம் வேலை செய்யும். இருப்பவற்றிலேயே மிக நம்பகமானதும் இதுதான்.

தொந்தரவு என்றால், உதிரப்போக்குக்கு ஒரு ஒழுங்கு இருக்காது: சிலருக்கு வராது, சிலருக்கு இழுத்துக்கொண்டே போகும். ஆபத்தில்லை, ஆனால் எரிச்சலாக இருக்கும். இன்னொன்று, வலிப்பு நோய்க்கான சில மாத்திரைகளும், காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் இம்பிளான்டின் பலனைக் குறைக்கும். என்ன மருந்து சாப்பிட்டாலும் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

மூன்று மாத ஊசி

உடம்பில் எந்தப் பொருளும் இருக்காது, யாருக்கும் தெரியவும் வராது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வர வேண்டும். தேதி தவறவிடுகிறவர்களையும் சேர்த்தால், ஒரு வருடத்தில் 100-க்கு சுமார் 4 பேருக்குக் கரு உண்டாகிறது. சிலருக்கு எடை கூடும். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. நிறுத்திய பிறகு கரு உண்டாக மற்ற முறைகளைவிடச் சில மாதம் கூடுதலாகும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். அடுத்த வருடமே குழந்தை வேண்டும் என்றால் ஊசியை நாங்கள் சொல்ல மாட்டோம்.

காப்பர் டி, ஐயூடி வைக்கும் நாள்

சில நிமிட வேலைதான். மாதவிடாய் வலி மாதிரி, சிலருக்கு அதைவிடக் கூடுதலாக வலிக்கும். வலி குறைய மருந்து கேட்கலாம். பாதியில் 'போதும்' என்றால் நிறுத்திவிடுவோம். பெண் டாக்டர் வேண்டும் என்றாலும், கூட ஒருவர் இருக்க வேண்டும் என்றாலும் முன்பே சொல்லுங்கள். கர்ப்பமாக இல்லை என்பது உறுதியானால் மாதத்தில் எந்த நாளும் வைக்கலாம். மாதவிடாய் நாளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பிரசவமானால் 48 மணி நேரத்துக்குள் அல்லது 4 வாரம் கழித்து வைப்பது வழக்கம்.

வைத்த காப்பர் டியோ ஐயூடியோ கர்ப்பப்பையை விட்டு நெஞ்சுவரை அலைந்து திரியாது. வைக்கும்போது கர்ப்பப்பைச் சுவரில் துளை விழுவது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு நடக்கக்கூடியது. அதற்காகத்தான் பிறகு ஒருமுறை பார்க்க வரச் சொல்கிறோம். சிலருக்கு, பெரும்பாலும் முதல் வருடத்தில், தானாக வெளியே வந்துவிடவும் வாய்ப்புண்டு.

வீட்டில் தெரியுமா?

நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம். கணவரோடு சேர்ந்து பேச விரும்பினால் அழைத்து வாருங்கள், அவருக்கும் விளக்குகிறோம். விரும்பாவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டோம். இம்பிளான்டைத் தொட்டால் விரலுக்குத் தட்டும். காப்பர் டி, ஐயூடி இரண்டின் அடியிலும் இருக்கும் மெல்லிய நூல், நீங்கள் இருவரும் சேரும்போது சில சமயம் தட்டுப்படலாம். சொன்னால் குட்டையாக வெட்டிவிடுவோம். இவை எதுவும் பால்வினை நோய்களைத் தடுக்காது. அந்தப் பயம் இருந்தால் ஆணுறையும் வேண்டும்.

எடுக்க வேண்டும் என்றால்

எந்த நாளிலும் வரலாம். குழந்தை வேண்டும் என்றாலும் சரி, பிடிக்கவில்லை என்றாலும் சரி. 'இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்' என்று உங்களைக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமையில்லை. காப்பர் டி, ஐயூடி, இம்பிளான்ட் மூன்றிலும் எடுத்த மாதமே கூடக் கரு உண்டாகலாம்.

இவற்றில் ஒன்றிருந்தாலும் தள்ளிப்போடாமல் வாருங்கள்

அடிவயிற்றில் கடும் வலி, காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல். வழக்கத்துக்கு மாறாகக் கொட்டும் உதிரப்போக்கு. காப்பர் டி அல்லது ஐயூடியின் நூல் தென்படாமல் போவது. இம்பிளான்ட் வைத்த இடம் சிவந்து சீழ் வைப்பது. கர்ப்பமாக இருக்குமோ என்ற சந்தேகம்: காப்பர் டியோ ஐயூடியோ இருக்கும்போது கரு உண்டானால், அது கருக்குழாயில் தங்கியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

காரணம் தெரியாத உதிரப்போக்கு, மார்பகப் புற்றுநோய், கடுமையான ஈரல் நோய், கர்ப்பப்பைத் தொற்று, இவற்றில் ஏதாவது இப்போதோ முன்போ இருந்திருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். எது உங்களுக்கு ஆகும், எது ஆகாது என்று டாக்டர் பார்த்துச் சொல்வார்.

வரும்போது வரவேற்பில் காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். 'ஆலோசனை அறைக்குப் போகணும்' என்றால் போதும்.