தாத்தா பேரில் இருந்த கார்டு

லைப்சிக், அக்டோபர் 6

அன்புள்ள ஆச்சிக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது, இடுப்பு வலி வேறு. அம்மா தாராவியிலிருந்து கருப்பட்டியும் கறுப்பு உளுந்தும் அனுப்பியிருக்கிறாள். களிக்கு அளவு எழுதுங்கள். என்னிடம் இருப்பது கரண்ட் அடுப்பு.

இன்னொன்று. தான் கேட்டதாகச் சொல்லாதே என்றார் அப்பா. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்தில் நம் வீட்டையும் எடுக்கப் போகிறார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பே கீழ்த்தளத்தில் குடியிருந்ததற்குக் காகிதம் காட்டினால்தான் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. தாத்தாவின் ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும் உங்களிடம்தானே?

செல்வி

அம்பாசமுத்திரம், அக்டோபர் 22

செல்விக்கு ஆச்சி எழுதுவது.

உளுந்து நாலு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு, வாசம் வர வறுத்துத் திரிச்சுக்கோ. ஒரு கப் மாவுக்கு முக்கால் கப் கருப்பட்டி, மூணு கப் தண்ணி. கருப்பட்டியில மண்ணு கிடக்கும், கரைச்சு வடிகட்டு. ஆறின பிறகு அதுலயே மாவைக் கரைச்சு அடுப்புல வை. கொதிக்கிறதுல கொட்டினா கட்டி தட்டும். கரண்ட் அடுப்பு அணைச்சாலும் சூடு போகாதாம்லா, அடி பிடிக்க வந்தா சட்டியையே தூக்கிரு. நல்லெண்ணெய் கால் கப், கொஞ்சங் கொஞ்சமா விட்டுக் கிண்டு. தண்ணி தொட்ட விரல்ல ஒட்டலைன்னா இறக்கு.

கார்டு இருக்கு. 1994லேர்ந்து பில்லும் இருக்கு, உங்க தாத்தா கம்பியில குத்தி வச்சது. கருமாதி முடிஞ்சு போனவன் ஒரு போன் போட்டானா? உங்க அப்பனுக்கு வாயில்லையா, கேக்கட்டும்.

லைப்சிக், நவம்பர் 9

ஆச்சி,

களி ஒட்டாமல் வந்தது. வலிக்கும் தேவலை.

கார்டைக் கொரியரில் போடச் சொல்கிறார் அப்பா. போடாதீர்கள், ஒரிஜினல் தொலைந்தால் அவ்வளவுதான். கார்டிலும் பில்லிலும் தாத்தா பேரும் ரூம் நம்பரும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து மாறியிருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் போட வேண்டிவரும். தாத்தா இல்லாததால் வாரிசு காட்ட வேண்டும். நீங்களும் வாரிசுதான். உங்கள் கையெழுத்து இல்லாமல் அப்பா ஒன்றும் செய்ய முடியாது. இதை அவரிடமும் சொல்லிவிட்டேன்.

செல்வி

அம்பாசமுத்திரம், நவம்பர் 27

செல்விக்கு,

ரூம் நம்பர் சரியா இருக்கு. கார்டுல சுடலைமுத்து, பில்லுல சுடலமுத்து. அந்த ஒரு எழுத்துக்கு நோட்டரியைப் பார்க்கணும்.

உங்க அப்பன் போன் போட்டான். வீட்டுல என் பேரும் இருக்கணும்னேன். சரிம்மான்னான். எழுதித் தாலேன்னேன், வச்சுட்டான். சாயங்காலம் திரும்பவும் போட்டான். 12-ந் தேதி நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல ஏறுதானாம். எழுதிக் கொண்டாரானான்னு பாப்போம். கொண்டு வந்தா அவன்கூடவே பம்பாய்க்குப் போய்க் கையெழுத்துப் போடுவேன். கார்டு என் மடியிலதான் வரும்.

ஜெராக்ஸ் மூணு செட் எடுத்தாச்சு. ஒண்ணு இதோட வச்சிருக்கேன். அப்பன்கிட்ட சொல்லிக்கிடாத.

ஆச்சி