ஆகஸ்ட் 22 குறிப்பேட்டுப் பதிவு: டிடிஎஸ் பிடித்து வந்த கட்டணம்

கட்டடப் பொறியாளர் அலுவலகம், கோவை
நிதியாண்டு 2025-26
பதிவு எண் 47, நாள் 22.08.2025

| விவரம் | பற்று ரூ. | வரவு ரூ. |
|---|---|---|
| வங்கி நடப்புக் கணக்கு ப/எ | 1,29,600 | |
| டிடிஎஸ் வரவேண்டியது (2025-26) க/கு ப/எ | 12,000 | |
| பீளமேடு நூற்பாலை க/கு | | 1,41,600 |
| மொத்தம் | 1,41,600 | 1,41,600 |

விளக்கம்: புதிய கிடங்குக் கட்டடத்தின் வடிவமைப்புக்காக 08.08.2025 தேதியிட்ட 19-ஆம் எண் பில்லுக்கு, வருமான வரிச் சட்டம் பிரிவு 194ஜே-இன்படி 10% வரி கழித்து, மீதி நெஃப்ட் மூலம் வரவானது. பில் முழுவதும் தீர்ந்தது.

கணக்கு: கட்டணம் 1,20,000. மத்திய ஜிஎஸ்டி 9% 10,800, மாநில ஜிஎஸ்டி 9% 10,800. பில் தொகை 1,41,600. கழித்த வரி 12,000. கைக்கு வந்தது 1,29,600.

ஆடிட்டர் பார்வைக்கு:

பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருப்பதால் கட்டணத்தின் மேல் மட்டுமே டிடிஎஸ் பிடிக்க வேண்டும்; நேரடி வரிகள் வாரியத்தின் 23/2017 சுற்றறிக்கை அதைத்தான் சொல்கிறது. மொத்த பில்லுக்கும் பிடித்திருந்தால் 14,160 போயிருக்கும். ஆலைக் கணக்காளரிடம் தொலைபேசியில் கேட்டு, 1,20,000-க்குத்தான் கழித்தார்கள் என்று உறுதி செய்துகொண்டேன். நமது பான் எண்ணையும் வாசித்துச் சரிபார்த்தார். அது இல்லாவிட்டால் 20% பிடிப்பார்கள்.

வருமானம் பில் போட்ட அன்றே 1,20,000 என முழுதாக வரவு வைக்கப்பட்டது. அதை 1,08,000 ஆகக் குறைக்கக் கூடாது. கழித்த வரியும் நம் வருமானமே என்கிறது பிரிவு 198. படிவம் 26ஏஎஸ்-இலும் 1,20,000 என்றுதான் வரும். நம் புத்தகத்தில் குறைவாக இருந்தால் அந்த வேறுபாட்டுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த 12,000-ஐச் செலவாகவும் எழுதக் கூடாது. நம் பெயரில் அரசிடம் போய்ச் சேர வேண்டிய பணம் அது. நடப்புச் சொத்தில் நின்று, ரிட்டர்ன் போடும்போது வரியில் கழிய வேண்டும். போன வருடப் பாக்கியோடு கலக்காமல் இருக்கத்தான் கணக்கின் பெயரில் வருடத்தையும் சேர்த்திருக்கிறேன்.

ஜிஎஸ்டி 21,600 ஆகஸ்ட் மாதக் கணக்கில் வரும்.

ஆலை இந்தக் காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்னை அக்டோபர் 31-க்குள் போட வேண்டும், படிவம் 16ஏ நவம்பர் 15-க்குள் நமக்கு வர வேண்டும். அதுவரை பில் நகல், வங்கி அறிக்கைப் பக்கம், ஆலை அனுப்பிய பணம் செலுத்திய விவரம் மூன்றும் இந்தச் சீட்டோடு பின் செய்யப்பட்டிருக்கும். நவம்பர் மூன்றாம் வாரம் 26ஏஎஸ் இறக்கிப் பார்த்து, 12,000 விழாவிட்டால் ஆலைக்குக் கடிதம் எழுத வேண்டும். மார்ச் வரை காத்திருக்க வேண்டாம்.

டிடிஎஸ் வரவேண்டியது பேரேடு: முன்னிருப்பு 31,500, இன்று 12,000, இருப்பு 43,500 பற்று.

பதிந்தவர்: கணக்காளர்